செல்ஃபியில் மூக்குத்தி பக்கம் மாறிவிட்டது, கன்னத்துத் தழும்பைக் காணோம். எதை அணைக்க வேண்டும்?

பள்ளத்தூரான் | வெள்ளி, இரவு 9.10

சின்ன விஷயம்தான், ஆனால் மூன்று நாளாக வீட்டில் இதே பேச்சு. தங்கைக்கு ஜாதகம் கொடுக்கும்போது கூடவே ஒரு படமும் வேண்டும் என்றார்கள். ஸ்டுடியோவுக்குப் போக அவளுக்கு இஷ்டமில்லை. மாம்பழ நிறத்தில் அரக்குக் கரை போட்ட கண்டாங்கிச் சேலை கட்டி, சாயங்காலம் முகப்பில் நின்று அவளே செல்ஃபி எடுத்துக்கொண்டாள். எனக்குப் படம் நன்றாகத்தான் தெரிந்தது.

அப்பத்தா கண்ணாடியை மாட்டிக்கொண்டு பார்த்தார். "என்ன அப்பு, மூக்குத்திய இடப்பக்கம் மாத்திக் குத்திக்கிட்டாளா? முந்தானையும் வலத்தோள்ல கெடக்கு?" என்றார். அப்புறம்தான் எனக்கே உறைத்தது.

இன்னொன்று. சேலையின் கட்டம் இழை இழையாகத் தெரிகிறது, முகம் மட்டும் நம் வீட்டு முட்டைப்பூச்சுச் சுவர் மாதிரி வழவழவென்று இருக்கிறது. சின்ன வயதில் அம்மை போட்ட தழும்பு ஒன்று அவளுக்கு இடது கன்னத்தில் உண்டு. படத்தில் அது இரண்டு கன்னத்திலும் இல்லை. நாளைக்கு நேரில் வந்து பார்ப்பவர்கள் என்ன நினைப்பார்கள்?

போன் ஆண்ட்ராய்டு. கம்பெனிப் பெயர் சொல்ல மாட்டேன், சொன்னால் இழை முழுக்க அந்தச் சண்டைதான் நடக்கும்.

---

ரஸ்தா ராக்கெட் | வெள்ளி, இரவு 9.24

ஒரே வேலைதான் அண்ணே. கேமராவில் Beauty என்று ஒன்று இருக்கும், அதை 0 ஆக்குங்கள், எல்லாம் சரியாகிவிடும். அப்புறம் பக்கம் மாறுவது: திரையில் தெரிவதுதான் உண்மையான முகம். எடுத்து முடித்தபின் போன்தான் படத்தைத் திருப்பிவிடுகிறது. அதனால் mirror என்று எங்கே பார்த்தாலும் ஆன் செய்துவிடுங்கள்.

---

கறுப்புத்துணி | வெள்ளி, இரவு 10.02

தம்பி ராக்கெட், பாதி சரி, பாதி தலைகீழ். காரைக்குடியில் ஸ்டுடியோ வைத்து இருபது வருடத்துக்கு மேல் ஆகிறது. இந்தக் கேள்வியோடு வாரத்துக்கு இரண்டு பேராவது வருகிறார்கள்.

இவை இரண்டும் வெவ்வேறு வேலை. ஒன்றுக்கொன்று சம்பந்தமே இல்லை, மெனுவிலும் இரண்டும் வெவ்வேறு இடத்தில்தான் இருக்கும்.

முதலில் பக்கம் மாறுவது. முன் கேமராவும் பின் கேமரா மாதிரி நேராகத்தான் பார்க்கிறது. எதிரே நிற்கும் ஆள் உங்களை எப்படிப் பார்ப்பாரோ அப்படி. ஆனால் அதை அப்படியே திரையில் காட்டினால் நமக்குக் கை ஓடாது. நெற்றியில் விழுந்த முடியை ஒதுக்கப் போனால் கை எதிர்ப்பக்கம் போகும். அதனால் எல்லாப் போனும் எடுக்கும்போது மட்டும் கண்ணாடி போலத் திருப்பிக் காட்டுகிறது. சேமிக்கும்போது நேராகச் சேமிப்பதா, கண்ணாடிப் படமாகவே சேமிப்பதா என்பதுதான் அந்த ஸ்விட்ச். ராக்கெட் சொன்னபடி mirror-ஐ ஆன் செய்தால் மூக்குத்தி இடப்பக்கமேதான் நிற்கும்.

ஐபோனில் Settings-க்குள் Camera, அதில் Mirror Front Camera. இது ஆஃபில் இருந்தால் நேரான படம். சாம்சங்கில் கேமராவின் பல்சக்கரத்தைத் தொட்டால் Save selfies as previewed என்ற வரி வரும். பிக்சலில் ஏறக்குறைய அதே பெயர், Save selfie as previewed. இரண்டிலும் ஆஃப் செய்தால் நேராக வரும். மற்ற கம்பெனிப் போன்களில் mirror அல்லது flip என்ற சொல் உள்ள வரியைத் தேடுங்கள். இந்த flip என்ற சொல்தான் ஆளைக் கவிழ்ப்பது. எதிலிருந்து எதற்குத் திருப்புகிறது என்று அது சொல்வதில்லை.

அதனால் பெயரை நம்பாதீர்கள். ஒரு செய்தித்தாளைக் கன்னத்துக்குப் பக்கத்தில் பிடித்து ஒரு செல்ஃபி எடுங்கள். எடுத்த படத்தை காலரியில் திறந்து தலைப்பைப் படியுங்கள். படிக்க முடிந்தால் நேரான படம். முடியாவிட்டால் ஸ்விட்சை மாற்றி இன்னொரு தடவை எடுங்கள்.

அதே படத்தைப் பெரிதாக்கினால் இரண்டாவது கேள்விக்கும் பதில் கிடைக்கும். தாளின் சின்ன எழுத்தும் சொரசொரப்பும் தெளிவாக இருந்து, அதே தூரத்தில் இருக்கிற கன்னம் மட்டும் மெழுகாக இருந்தால், ஏதோ ஒன்று முகத்தைத் தேடிப் பிடித்து இழைக்கிறது என்று அர்த்தம். தாளும் கன்னமும் சேர்ந்தே குழைந்திருந்தால் அது வேறு நோய். அதைப் பிறகு சொல்கிறேன். முதலில் தாளைப் பிடித்து எடுத்துவிட்டு வாருங்கள்.

---

ஓய்வூதியர் 58 | சனி, காலை 6.40

நல்ல தகவல். நானும் ஒரு சந்தேகம் கேட்டுக்கொள்கிறேன். போன நவம்பரில் ஆயுள் சான்றுக்காக ஜீவன் பிரமாண் செயலியில் முகத்தைக் காட்டினேன். நான்கு முறை ஏற்கவில்லை. மகன் போன். அதில் இந்த mirror ஆனில் இருந்ததுதான் காரணமா? இடது வலது மாறினால் ஆளே மாறிவிட்டார் என்று நினைக்குமோ?

---

கறுப்புத்துணி | சனி, காலை 7.15

ஐயா, அதற்கும் இதற்கும் தொடர்பில்லை. ஜீவன் பிரமாண் முகத்தைப் பிடிப்பது AadhaarFaceRD என்ற தனிச் செயலி வழியாக. நம் கேமரா செயலியில் வைக்கும் mirror, beauty எதுவும் அதன் பக்கம் போகாது. என் மாமனாருக்கும் இப்படித்தான் ஆயிற்று. ஜன்னலுக்கு முதுகைக் காட்டி உட்கார்ந்திருந்தார், முகம் இருட்டு. திரும்பி உட்கார்ந்து மூக்குக் கண்ணாடியைக் கழற்றி, கேட்டபோது கண்ணைச் சிமிட்டினார், முதல் தடவையிலேயே ஏற்றுக்கொண்டது. லென்ஸில் எண்ணெய்க் கை பட்டிருந்தால் அதையும் வேட்டி நுனியால் துடைத்துவிடுங்கள்.

---

பள்ளத்தூரான் | சனி, காலை 11.30

தாளைப் பிடித்து எடுத்தாயிற்று. முதல் படத்தில் தலைப்பு தலைகீழ் மலையாளம் மாதிரி இருந்தது. அமைப்பில் mirror என்ற வரி ஆனில் இருந்தது, அணைத்தேன். இப்போது தலைப்பைப் படிக்க முடிகிறது, மூக்குத்தியும் வலப்பக்கம் வந்துவிட்டது. அப்பத்தாவின் முதல் கேள்வி தீர்ந்தது.

வழவழப்புதான் போகவில்லை. மந்திரக்கோல் சின்னத்தைத் தொட்டு எல்லாவற்றையும் 0-க்குக் கொண்டுவந்தேன். தாள் சொரசொரப்பாக இருக்கிறது, தங்கை இன்னும் சுவராகத்தான் இருக்கிறாள். ராக்கெட் தம்பி, 0 ஆக்கியாயிற்றே?

---

ரஸ்தா ராக்கெட் | சனி, காலை 11.41

அப்படியென்றால் போனில் ஏதோ கோளாறு. ரீசெட் போடுங்கள்.

---

கறுப்புத்துணி | சனி, பகல் 12.20

ரீசெட் எல்லாம் வேண்டாம். எந்த மோடில் 0 ஆக்கினீர்கள், எந்த மோடில் படம் எடுத்தீர்கள்? பல போன்களில் Photo-வுக்கு ஒரு கணக்கு, Portrait-க்கு ஒரு கணக்கு, வீடியோவுக்கு ஒன்று. ஒன்றில் குறைத்தால் மற்றதில் அப்படியே நிற்கும்.

இன்னொன்று, ஒரே கோடு என்று நினைக்காதீர்கள். சாம்சங்கில் பார்த்தால் Face என்ற தாவலில் Smoothness, Tone, Jawline, Eyes என்று தனித்தனியாக இருக்கும். முதலாவது தழும்பை அழிக்கும், இரண்டாவது நிறத்தை வெளுப்பாக்கும், மூன்றாவது தாடையை ஒடுக்கும், நான்காவது கண்ணைப் பெரிதாக்கும். மற்றவற்றில் பெயர் மாறும், வேலை இதேதான். பிக்சலில் மட்டும் சுருக்கம், Face retouching என்ற ஒரே வரி. 2020-இல் கூகுள் அதைத் தானாக ஆனில் வைப்பதை நிறுத்திவிட்டது. மற்றவர்கள் எல்லாரும் அப்படிச் செய்யவில்லை, அதனால்தான் நமக்கு வியாபாரம் நடக்கிறது!

0 ஆக்கிவிட்டுக் கேமராவை முழுக்க மூடித் திறந்து பாருங்கள். சிலவற்றில் பழைய அளவே திரும்பி வந்து உட்காரும். அமைப்பில் Settings to keep அல்லது Preserve settings மாதிரி ஒரு வரி இருந்தால் அதற்குள் போய், கடைசியாக வைத்ததையே வைத்துக்கொள் என்று சொல்லிவிட வேண்டும்.

---

பள்ளத்தூரான் | சனி, பகல் 1.05

பிடித்துவிட்டீர்கள். 0 ஆக்கியது Photo-வில். தங்கை எப்போதும் பின்னணி மங்கலாக இருக்க வேண்டும் என்று Portrait-இல்தான் எடுப்பாள். அங்கே போய்ப் பார்த்தால் Smooth 60-இல் உட்கார்ந்திருந்தது. யாரும் வைத்ததில்லை, வாங்கும்போதே அப்படித்தான் இருந்திருக்கும் போல. அதையும் 0 ஆக்கியாயிற்று. சாயங்காலம் எடுத்துப் பார்க்கிறேன்.

---

கண்டாங்கிக் கடை | சனி, பகல் 2.30

நான் சேலை விற்பவள். கண்டாங்கியை நானே கட்டி செல்ஃபி எடுத்து வாட்ஸ்அப்பில் போடுவேன். எனக்கு முகம் எப்படி வந்தாலும் கவலையில்லை, நிறம்தான் தொல்லை. அரக்கு நிறத்தில் அனுப்பினேன், வாங்கியவர் "படத்தில் சிவப்பாக இருந்ததே" என்று திருப்பிவிட்டார். கூரியர் செலவு என் தலையில். இதுவும் இந்த Beauty வேலைதானா? நான் Smooth-ஐ எப்போதோ அணைத்துவிட்டேனே.

---

கறுப்புத்துணி | சனி, பகல் 3.10

ஆச்சி, Smooth இல்லை, அது வேறு. முகத்தை வெளுப்பாக்கும் Tone தனிக் கோடு என்றேனே, அதைப் பாருங்கள். சில போன்களில் அதற்கும் மேலே செல்ஃபி முழுவதையும் வெதுவெதுப்பான நிறத்துக்குக் கொண்டுபோகும் ஓர் அமைப்பு தனியாக உண்டு. சாம்சங்கில் அதன் பெயர் Selfie color tone, அதில் Natural வைக்க வேண்டும். அது முகத்தோடு நிற்காது, சேலையையும் சேர்த்தே இழுக்கும்.

ஆனால் சரக்கு விற்கச் செல்ஃபி எதற்கு? யாரையாவது பின் கேமராவில் எடுக்கச் சொல்லுங்கள், குழல்விளக்குக்குக் கீழே இல்லாமல் பகல் வெளிச்சத்தில். பின் கேமராவிலும் Portrait-இல் Beauty ஒளிந்திருக்கலாம், அதையும் ஒரு பார்வை பார்த்துவிடுங்கள்.

---

கண்டாங்கிக் கடை | சனி, பகல் 3.18

எடுக்க ஆள் இருந்தால் நான் ஏன் செல்ஃபி எடுக்கிறேன் 😄 சரி, Tone-ஐப் பார்க்கிறேன். பார்த்தேன், 40-இல் இருந்தது.

---

பள்ளத்தூரான் | சனி, மாலை 6.50

முகப்பில் எடுத்தோம். முன்னைக்கு எவ்வளவோ தேவலை, ஆனால் தழும்பு இன்னும் சரியாகத் தெரியவில்லை. லேசாகக் குழைந்த மாதிரி இருக்கிறது. இந்தத் தடவை சேலையும் அப்படித்தான் இருக்கிறது, கட்டத்தின் ஓரம் மங்கல். எல்லா மோடிலும் 0 என்று சத்தியம் செய்கிறேன்.

---

கறுப்புத்துணி | சனி, இரவு 7.30

இதுதான் நான் "வேறு நோய்" என்றது. சேலையும் சேர்ந்து குழைந்திருந்தால் முகத்தை இழைக்கும் வேலை நின்றுவிட்டது என்று அர்த்தம். மிச்சம் இருப்பது இருட்டு.

முன் கேமராவின் சென்சார் சின்னது. வெளிச்சம் குறைந்தால் படத்தில் புள்ளி புள்ளியாக மணல் தூவின மாதிரி வரும். போன் அதைத் துடைக்கிறது. துடைக்கிறவனுக்கு மணல் எது, தோலின் துளை எது என்று எப்படித் தெரியும்? இரண்டையும் சேர்த்துத் துடைத்துவிடுகிறான். இதற்குப் பெரும்பாலான போன்களில் ஸ்விட்ச் கிடையாது. 2018-இல் வந்த புது ஐபோனில் அழகூட்டும் வசதி எதுவும் இல்லாமலே முகம் வழுவழுப்பாக வருகிறது என்று பெரிய கூச்சல் எழுந்தது. பல படங்களைச் சேர்த்து ஒன்றாக்கும்போது, அடிப்படைக்குக் கலங்கலான படத்தைத் தேர்ந்துவிடுகிறது, அதுதான் பிழை என்று சொல்லி iOS 12.1-இல் சரிசெய்தார்கள். நம் மெனுவில் இல்லாத காரணமும் உண்டு என்பதற்காகச் சொல்கிறேன்.

நாளைக் காலை பத்து மணிக்கு வளவுக்குள் எடுங்கள். வானத்தைப் பார்த்த நடுமுற்றத்தில் நேர் வெயில் படாமல், தாழ்வாரத்தின் விளிம்பில், முற்றத்தைப் பார்த்து நிற்கச் சொல்லுங்கள். சுற்றிச் சுவரெல்லாம் வெள்ளை, ஸ்டுடியோவில் நான் குடை விரித்துச் செய்கிற வேலையை உங்கள் வீடு சும்மா செய்யும். முகப்பில் சாயங்காலம் ஆனால் தேக்குக் கதவும் தூணும் இருக்கிற வெளிச்சத்தையும் குடித்துவிடும்.

---

பினாங்குச் சித்தப்பா | சனி, இரவு 10.15

அதெல்லாம் சரி, ஏற்கனவே எடுத்துவைத்த படங்களை என்ன செய்வது? புதுமனை விழாவுக்கு கானாடுகாத்தான் வந்தபோது ஐந்தாறு நல்ல செல்ஃபி எடுத்தோம். எல்லாவற்றிலும் பின்னால் இருக்கிற வாசல் பலகை எழுத்து திரும்பிக் கிடக்கிறது. முகமும் மாவு பூசினது போல.

---

கறுப்புத்துணி | சனி, இரவு 10.40

எழுத்தைத் திருப்பிவிடலாம், மாவைத் துடைக்க முடியாது. பக்கம் மாற்றும்போது எந்தப் புள்ளியும் தொலைவதில்லை. இழைப்பில் தொலைந்தது தொலைந்ததுதான், படத்துக்குள் அந்தத் தகவலே இல்லை.

போனிலேயே செய்ய: படத்தைத் திறந்து Edit, அதில் வெட்டும் பகுதி. இரண்டு முக்கோணம் முதுகோடு முதுகு வைத்த மாதிரி ஒரு சின்னம் இருக்கும், அதைத் தொட்டால் போதும். நிறையப் படம் இருந்து கணினியும் இருந்தால், தரம் குறையாமல் திருப்ப இது:

```
jpegtran -copy all -flip horizontal -outfile neer.jpg selfie.jpg
```

---

பினாங்குச் சித்தப்பா | ஞாயிறு, காலை 8.05

செய்தேன். எழுத்து நேராக வரவில்லை, என் தலை கீழே போய்விட்டது. நானும் மனைவியும் ஆத்தங்குடித் தரையில் சிரசாசனம் போட்ட மாதிரி நிற்கிறோம். குடும்பக் குழுவில் தெரியாமல் அனுப்பியும் தொலைத்துவிட்டேன்.

---

கறுப்புத்துணி | ஞாயிறு, காலை 8.30

மன்னிக்க வேண்டும், அதைச் சொல்ல மறந்தது என் தப்பு. போனை நிமிர்த்திப் பிடித்து எடுத்தாலும் பல போன்கள் படத்தைக் கிடைமட்டமாகவே எழுதி, "காட்டும்போது திருப்பிக் காட்டு" என்று ஒரு குறிப்பை உள்ளே வைத்துவிடும். கட்டளை அந்தக் குறிப்பைப் பார்க்காமல் உள்ளே கிடக்கிற படத்தைத் திருப்புகிறது. அப்படிப்பட்ட படத்துக்கு `-flip vertical` போடுங்கள், சரியாக வரும். ஐபோனின் HEIC படங்களில் இது வேலை செய்யாது, போனிலேயே திருப்பிக்கொள்ளுங்கள்.

---

பள்ளத்தூரான் | ஞாயிறு, காலை 11.45

வளவில் எடுத்தாயிற்று. முகத்தில் துளை, புருவத்தின் ஒவ்வொரு முடி, தழும்பு எல்லாம் வந்துவிட்டது. முந்தானை இடத்தோளில், மூக்குத்தி வலப்பக்கம்.

இப்போது தங்கைக்குப் பிடிக்கவில்லை. "இது நான் மாதிரியே இல்ல, வாய் கோணலா இருக்கு" என்கிறாள். தழும்பைப் பற்றி ஒரு வார்த்தை சொல்லவில்லை, வாய்தான் கோணலாம். எனக்கோ அம்மாவுக்கோ எந்தக் கோணலும் தெரியவில்லை.

---

கறுப்புத்துணி | ஞாயிறு, பகல் 12.10

இதை எதிர்பார்த்தேன். யாருடைய முகமும் இரண்டு பக்கமும் ஒரே மாதிரி இருக்காது. தங்கை இத்தனை வருடமாகப் பழகியது கண்ணாடி முகத்தோடு. திருப்பினால் சின்ன வித்தியாசம்கூட அவளுக்கு மட்டும் பெரிதாக அடிக்கும். நீங்கள் பழகியது நேரான முகத்தோடு, அதனால் உங்களுக்கு இதுதான் அவள். 1977-இல் அமெரிக்காவில் இதையே ஆராய்ச்சியாகச் செய்து பார்த்தார்கள். பெண்களின் படத்தையும் அதன் கண்ணாடிப் படத்தையும் வைத்துக் கேட்டபோது, அவர்கள் கண்ணாடிப் படத்தையும் தோழிகள் நேரான படத்தையும் விரும்புகிற போக்கு தெரிந்தது.

கையை நீட்டி எடுப்பதாலும் கொஞ்சம் மாறும். கிட்டத்தில் இருக்கிற மூக்கு பெரிதாகும், காது பின்னே போகும். நான்கைந்து அடி தள்ளி, போனை எதன் மேலாவது சாய்த்து, டைமர் வைத்து எடுத்துப் பாருங்கள்.

---

ரஸ்தா ராக்கெட் | ஞாயிறு, பகல் 12.25

நான் ஒன்று கேட்கிறேன். கல்யாணப் படத்துக்கு ஸ்டுடியோவில் நீங்கள் தழும்பு எடுக்காமலா விடுகிறீர்கள்? டச்சிங் என்று பில்லிலேயே போடுகிறீர்களே. போன் செய்தால் மட்டும் தப்பா?

---

கறுப்புத்துணி | ஞாயிறு, பகல் 12.50

நியாயமான கேள்வி. செய்கிறேன், கேட்டால் செய்கிறேன். நேற்று வந்த பருவைத் துடைப்பேன், பிறவி மச்சத்தையும் பழைய தழும்பையும் கேட்காமல் தொடமாட்டேன். போன் கேட்பதில்லை. அதைத் தவிர எனக்கும் போனுக்கும் பெரிய வித்தியாசம் இல்லை என்று நீங்கள் சொன்னால் நான் சண்டைக்கு வரமாட்டேன்.

---

கண்டாங்கிக் கடை | ஞாயிறு, பகல் 2.00

கேமராவில் எல்லாம் அணைத்தபிறகும் வாட்ஸ்அப் வீடியோ அழைப்பில் என் முகம் பளபளவென்று இருக்கிறதாம், வாடிக்கையாளர் சொன்னார். அதை எங்கே அணைப்பது? அதோடு அழைப்பில் சேலையை நான் வலப்பக்கம் காட்டினால் எனக்கு இடம் மாறித் தெரிகிறது.

---

கறுப்புத்துணி | ஞாயிறு, பகல் 2.40

இடம் மாறுவது உங்கள் திரையில் மட்டும்தான், எதிரே இருப்பவருக்கு நேராகத்தான் போகிறது. சேலைக் குறிச்சீட்டைக் காட்டிப் படிக்கச் சொல்லுங்கள், தெரிந்துவிடும்.

பளபளப்பு, அந்தந்த அழைப்புத் திரையில் இருக்கிற வடிகட்டியாக இருக்கலாம், அல்லது போன் கம்பெனியே அழைப்புகளுக்கென்று தனியாக வைத்ததாக இருக்கலாம். அழைப்பு ஓடும்போது திரை ஓரத்தையும் மேலிருந்து இறக்கும் பட்டையையும் துழாவிப் பாருங்கள்.

---

கண்டாங்கிக் கடை | ஞாயிறு, பகல் 3.15

துழாவினேன், இரண்டிலும் இல்லை. இதே போன் வைத்திருக்கும் யாராவது சொன்னால் உண்டு.

---

பள்ளத்தூரான் | ஞாயிறு, இரவு 8.20

டைமர் வைத்து, ஊஞ்சல் சங்கிலியில் போனைச் செருகி எடுத்தோம். வாய் கோணல் புகார் குறைந்திருக்கிறது, முழுக்கப் போகவில்லை. அப்பத்தாவிடம் காட்டினேன். பெரிதாக்கி ரொம்ப நேரம் பார்த்தார். "மூக்குத்தி சரி. தழும்பும் இருக்கு, சரி. கொசுவம் ஏன் இப்படிச் சரிஞ்சு கெடக்கு? திரும்ப எடு" என்றார்.

நாளைக்கு மறுபடியும் வளவில் எடுக்கிறோம்.